'ராமன், 1928' என்றால் எந்தக் கட்டுரை?

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை சில மாதங்கள் கழித்து மதிப்பாய்வாளரின் குறிப்புகளோடு திரும்பி வரும். சோதனை முறையைப் பற்றியும் முடிவுகளைப் பற்றியும் கேள்விகள் இருக்கும். கடைசியில், பெரும்பாலும், இப்படி ஒரு வரியும் இருக்கும்: "ரெஃபரன்ஸ்கள் சீராக இல்லை. சரிபார்த்துத் திருத்தவும்."

மற்றக் கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதும் ஆய்வாளர்கள் இந்த வரிக்கு மட்டும் "திருத்திவிட்டோம், நன்றி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதைப் படிக்கும் மதிப்பாய்வாளருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. எது தவறாக இருந்தது, எது மாறியது, அந்த மாற்றத்தால் கட்டுரையின் வாதம் அசைந்ததா என்பதைக் கண்டுபிடிக்க அவர் முழுப் பட்டியலையும் மறுபடி பார்க்க வேண்டும். இந்த வேலையைச் சம்பளம் வாங்காமல், தன் சொந்த ஆய்வுக்கு நடுவே செய்கிற மனிதர் அவர்.

"சீராக இல்லை" என்ற அந்தச் சொற்களுக்குள் தன்மையில் வேறுபட்ட பல பிழைகள் அடங்கியிருக்கலாம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைப் பற்றி ஓர் ஆய்வு மாணவி கட்டுரை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவியும் அவருடைய கட்டுரையும் கற்பனை. ஆனால் அவர் எடுத்தாளும் ஆவணங்கள் எல்லாம் உண்மையானவை.

கட்டுரையின் பல இடங்களில் "ராமன், 1928" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார். ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டால் வாசகர் பட்டியலில் தேடிக்கொள்ளலாம் என்பது வழக்கமான முறைதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 1928ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களில் மட்டும் இந்த விளைவைப் பற்றி ராமன் பெயரில் குறைந்தது நான்கு வெளியீடுகள் இருக்கின்றன. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய முதல் குறிப்பு மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழின் 501ஆம் பக்கத்தில் வந்தது. ராமன் தனியாக எழுதிய இன்னொரு குறிப்பு ஏப்ரல் 21 இதழில் 619ஆம் பக்கத்தில். மீண்டும் இருவரும் சேர்ந்து எழுதியது மே 5 இதழில் 711ஆம் பக்கத்தில். இவை தவிர, மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் ஆற்றிய உரை 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழின் இரண்டாம் தொகுதியில் 387ஆம் பக்கம் முதல் அச்சானது. நேச்சரில் வந்த மூன்றும் 121ஆம் தொகுதியைச் சேர்ந்தவை. ஆக, ஆண்டும் ஒன்று, இதழும் ஒன்று, தொகுதி எண்ணும் ஒன்று. பக்க எண் விட்டுப்போனால் கதவு எண் இல்லாத முகவரியைப் போலத்தான்.

இதற்கு மருந்து எளிது. ராமன் தனியாக எழுதிய இரண்டையும் 1928அ, 1928ஆ என்றும், இருவரும் சேர்ந்து எழுதிய இரண்டைத் தனி வரிசையில் அதே போலவும் பிரிக்க வேண்டும். பிறகு கட்டுரைக்குள் "ராமன், 1928" என்று வரும் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகப் பார்த்து, இந்த வாக்கியத்துக்கு எந்தக் கட்டுரை சான்று என்று தீர்மானிக்க வேண்டும். கணினியில் தேடி ஒரே அடியாக மாற்றினால் பிழை இன்னும் ஆழமாகப் புதைந்துவிடும். கிருஷ்ணனின் பெயர் பல இடங்களில் விடுபட்டிருப்பதும் இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். வத்திராயிருப்பில் பிறந்த அந்த மனிதர் முதல் குறிப்பின் இணை ஆசிரியர். அவர் பெயர் நழுவுவதை வெறும் வடிவப் பிழை என்று சொல்ல முடியாது.

அடுத்தது முதலெழுத்துச் சிக்கல். ராமனிடம் பணியாற்றிய இயற்பியலாளர்களில் ஆர். எஸ். கிருஷ்ணன் என்று இன்னொருவரும் உண்டு. வைரத்தின் ராமன் நிறமாலையை ஆராய்ந்தவர் அவர். பட்டியலில் வெறுமனே "கிருஷ்ணன்" என்று இருந்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். எஸ். சந்திரசேகர் என்ற பெயரில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பைக் கணித்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒருவர். பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் இன்னொருவர். முதலெழுத்தும் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், இருவருமே ராமனுக்கு உறவினர்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத தமிழர்களின் பெயர்களை மேலைநாட்டு அச்சில் வார்க்கும் மென்பொருள்கள் இந்த இடத்தில் அடிக்கடி தடுமாறுகின்றன. மென்பொருள் தானாக நிரப்பித் தந்ததை அப்படியே நம்பாமல், ஆய்விதழின் முதல் பக்கத்தைத் திறந்து பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வடிவத்தில் உள்ள ஒழுங்கின்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இடத்தில் இதழின் பெயர் முழுமையாகவும் இன்னோர் இடத்தில் சுருக்கியும் இருக்கும். சிலவற்றில் டி.ஓ.ஐ. எண் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ராமன்–கிருஷ்ணன் முதல் குறிப்புக்கு அந்த எண் 10.1038/121501c0. இதை இணையத்தில் இட்டால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போகலாம், ஆகவே சரிபார்ப்பதற்கு இதைவிட விரைவான வழி கிடையாது. கட்டுரைக்குள் சுட்டப்பட்டும் பட்டியலில் இடம்பெறாதவை, பட்டியலில் இருந்தும் எங்குமே சுட்டப்படாதவை என்று இரு பக்கமும் ஒப்பிடுவதும் அரை நாள் வேலைதான்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது கடைசி வகைக்கு. மாணவியின் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: "1928 பிப்ரவரி 28 அன்று ராமனும் கிருஷ்ணனும் சிதறிய ஒளியில் புதிய நிறமாலைக் கோடுகளைக் கண்டனர்." சான்றாக நேச்சர் 501ஆம் பக்கம் காட்டப்பட்டிருக்கிறது. பெயர், தொகுதி, பக்கம் எல்லாமே சரி. ஆனால் அந்தக் குறிப்பின் அடியில் உள்ள தேதி பிப்ரவரி 16. பன்னிரண்டு நாள் கழித்து நடந்த ஒன்றுக்கு அது எப்படிச் சான்றாக முடியும்?

குறிப்பைத் திறந்து படித்தால் விஷயம் தெளிவாகிறது. அதில் நிறமாலைக் கோடுகளைப் பற்றிய பேச்சே பிரதானமில்லை. சூரிய ஒளியைப் பெரிய வில்லையால் குவித்து, ஒன்றையொன்று நிரப்பும் நிற வடிகட்டிகளை வைத்து, சுமார் அறுபது திரவங்களில் அந்த விளைவைக் கண்டதாகச் சொல்கிறார்கள். கோடுகளாகப் பிரிந்து தெரிந்தது அதற்குப் பிறகு. மார்ச் 8 தேதியிட்டு ராமன் தனியாக அனுப்பி, ஏப்ரல் 21 இதழில் வந்த குறிப்புதான் அதைச் சொல்கிறது. இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படும் பிப்ரவரி 28க்குச் சான்று வேண்டுமென்றால், ராமனின் வாழ்க்கையை விரிவாக எழுதிய ஜி. வெங்கட்ராமனின் 1988ஆம் ஆண்டு நூலைப் போன்ற ஒன்றைக் காட்ட வேண்டும்.

இதைச் சில்லறைத் தகராறு என்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டார்கள். அவர்கள் கட்டுரை ஜூலையில்தான் ஒரு ஜெர்மன் இதழில் வந்தது. யார் முதலில் என்ற விவாதம் இன்றுவரை நாட்களை எண்ணித்தான் நடக்கிறது. கவனித்த நாள், எழுதி அனுப்பிய நாள், அச்சில் வந்த நாள் என்ற மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடும் ஒரு ரெஃபரன்ஸ், அந்த விவாதத்தில் தெரியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இப்போது பதிலுக்கு வருவோம். மதிப்பாய்வாளரின் குறிப்பை அப்படியே எடுத்து எழுதிவிட்டு, அதற்குக் கீழே மாணவி ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"மதிப்பாய்வாளர் சுட்டியது சரி. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவையும் மூல வெளியீட்டோடு ஒப்பிட்டோம். 'ராமன், 1928' என்று பொதுவாக இருந்த இடங்கள் இப்போது நான்கு தனி வெளியீடுகளைச் சுட்டுகின்றன. விடுபட்டிருந்த கிருஷ்ணனின் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. இதழ்ப் பெயர்கள் அனைத்தும் முழுமையாகத் தரப்பட்டுள்ளன. கட்டுரையில் எங்கும் சுட்டப்படாத இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இவற்றால் பொருளில் மாற்றம் இல்லை. ஒரே ஓர் இடத்தில் பொருளும் மாறியுள்ளது. பிப்ரவரி 28 பற்றிய வாக்கியத்துக்கு நாங்கள் காட்டியிருந்த சான்று பிப்ரவரி 16 தேதியிட்டது. அது அந்தக் கூற்றை ஆதரிக்காது. வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து, நாளுக்கு வெங்கட்ராமன் நூலையும் கோடுகளுக்கு ஏப்ரல் 21 குறிப்பையும் சான்றாகக் காட்டியுள்ளோம். திருத்தியது திருத்தப்பட்ட பிரதியின் 4ஆம் பக்கம், 112 முதல் 116 வரையான வரிகளில் உள்ளது."

இந்தப் பதிலில் முக்கியமான வேலையைச் செய்வது "ஒரே ஓர் இடத்தில் பொருளும் மாறியுள்ளது" என்ற வாக்கியம். வடிவத் திருத்தங்களையும் பொருள் திருத்தத்தையும் அது பிரித்துவைக்கிறது. மதிப்பாய்வாளர் நேராக 112ஆம் வரிக்குப் போகலாம். பழைய பிரதியின் வரி எண்ணைக் கொடுத்துவிட்டால் அவர் போய் நிற்கும் இடம் வேறாகிவிடும் என்பதால், எந்தப் பிரதி என்று சொல்வதும் அவசியம். மன்னிப்புக் கேட்கும் நீண்ட பத்திகள் இங்கே தேவையில்லை.

மதிப்பாய்வாளர் சொன்னதெல்லாம் சரியாக இருக்கும் என்பதும் இல்லை. பெங்களூர் உரையின் தேதி மார்ச் 16 என்றும் மார்ச் 31 என்றும் இரு இடங்களில் இருப்பதை அவர் முரண்பாடாகக் குறித்திருக்கலாம். முதலாவது உரை நிகழ்ந்த நாள், இரண்டாவது அச்சான நாள். அப்போது மாணவி இரண்டையும் வைத்துக்கொண்டு, காரணத்தைப் பதிலில் சொல்லிவிட்டு, மற்ற வாசகருக்கும் அதே ஐயம் வரும் என்பதால் கட்டுரையிலும் ஒரு சிறு விளக்கம் சேர்ப்பதுதான் நியாயம். ஒப்புக்கொண்டதாகக் காட்டிக்கொள்ள ஒரு தேதியை அழித்தால் சரியானதைத் தவறாக்கியதாகிவிடும்.

மதிப்பாய்வாளர்கள் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையைச் சுட்டிய சுமார் 4,300 ரெஃபரன்ஸ்களை ஆராய்ந்தார்கள். 196 ரெஃபரன்ஸ்களில் எண்கள் தவறாக இருந்தன. அவற்றில் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு தவறான பக்க எண் 78 தடவை வந்திருந்தது. அத்தனை பேரும் தனித்தனியே ஒரே எண்ணைத் தவறாக அடித்திருக்க வாய்ப்பில்லை. ஒருவர் பட்டியலை இன்னொருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மூலக் கட்டுரையைப் படித்தவர் ஐந்தில் ஒருவர்தான் இருப்பார் என்று அவர்கள் கணித்தார்கள். கட்டுரையை ஒழுங்காகப் படித்துவிட்டு, எண்களை மட்டும் வேறு எங்கிருந்தோ எடுத்து எழுதியவர்களும் இருப்பார்கள் என்பதால் அந்த விகிதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பிழை எந்த வழியில் பரவுகிறது என்பதில் ஐயம் இல்லை.

அதனால்தான் திருத்திய பிரதி கையில் வந்ததும் மதிப்பாய்வாளர்கள் சிலர், தாங்கள் சுட்டிக்காட்டாத இரண்டு மூன்று ரெஃபரன்ஸ்களைத் தற்செயலாக எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். சுட்டியவை மட்டும் சரியாகி, சுட்டாதவை அப்படியே இருந்தால், "ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட்டோம்" என்ற வரி பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு கட்டுரையின் அளவீடுகளையும் அவர் அதே சந்தேகத்தோடுதான் படிப்பார். மாணவி பட்டியல் முழுவதையும் ஒப்பிடவில்லை, 1950க்கு முந்தைய பதிவுகளை மட்டும்தான் பார்த்தார் என்றால், பதிலில் அதையே எழுதிவிடலாம். மீதியைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று பதிப்பாசிரியரிடம் கேட்டால், பெரும்பாலும் கிடைத்துவிடும்.