எந்தப் பத்திரத்தைக் கொடுப்பது?

சிகாகோ சந்தையில் 1977 முதல் அமெரிக்க அரசுக் கடன்பத்திர ஃப்யூச்சர்ஸ் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒப்பந்தத்தில் பேசப்படும் பத்திரம் உலகில் எங்கும் கிடையாது. ஆண்டுக்கு 6 சதவீத வட்டி தரும் ஒரு கற்பனைப் பத்திரம் அது. 2000-க்கு முன்பு அந்தக் கற்பனை வட்டி 8 சதவீதமாக இருந்தது.

கெடு வந்ததும் விற்றவர் கொடுக்க வேண்டியதோ நிஜமான பத்திரம். ஓர் ஒப்பந்தத்துக்கு 1 லட்சம் டாலர் முகமதிப்பு. முதிர்வுக்கு 15 ஆண்டுக்குக் குறையாமலும் 25 ஆண்டுக்கு உட்பட்டும் மீதமிருந்தால் எதையும் கொடுக்கலாம். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை விற்றவருக்கு, வாங்கியவருக்கு அல்ல.

ஒரே பத்திரத்தை மட்டும் கேட்டால், அதை ஒருவர் மொத்தமாக வளைத்துப்போட்டு மற்றவர்கள் கழுத்தை நெரிக்கலாம். அதைத் தடுக்கத்தான் பல பத்திரங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் 2 சதவீத வட்டிப் பத்திரமும் நாலரை சதவீத வட்டிப் பத்திரமும் ஒரே விலைக்குப் போகாதே! அதற்கு வந்ததுதான் மாற்றுக் காரணி. ஒரு பத்திரத்தின் விளைச்சல் சரியாக 6 சதவீதமாக இருந்தால் 1 டாலர் முகமதிப்புக்கு என்ன விலை வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த எண்ணே காரணி. ஃப்யூச்சர்ஸ் விலையை அதனால் பெருக்கி, அதுவரை சேர்ந்த வட்டியையும் கூட்டினால், விற்றவர் கைக்கு வரும் தொகை கிடைக்கும். காரணியைச் சந்தையே முன்கூட்டி வெளியிடுகிறது. கெடு முடியும்வரை அது மாறாது.

இரண்டு பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 15 ஆண்டு மீதமுள்ள, நாலரை சதவீத வட்டி தரும் பத்திரம்; காரணி 0.8530. இரண்டாவது, 20 ஆண்டு மீதமுள்ள, 2 சதவீத வட்டி தரும் பத்திரம், காரணி 0.5377. சந்தையில் விளைச்சல் நாலரை சதவீதம் என்றால் முதலாவதின் விலை 100 டாலர், இரண்டாவதின் விலை 67.26 டாலர். விலையைக் காரணியால் வகுத்துப் பார்த்தால் முதலாவதுக்கு 117.23 வருகிறது, இரண்டாவதுக்கு 125.08.

குறைந்த எண் எதுவோ அதுவே ஒப்படைக்க மலிவான பத்திரம். வியாபாரிகள் அதைச் சுருக்கமாக ‘சி.டி.டி.’ என்பார்கள். ஃப்யூச்சர்ஸ் விலையும் அந்த 117.23-ஐ ஒட்டியே நிற்கும். அந்த விலையில் இரண்டாவது பத்திரத்தைக் கொடுத்தால் 63.03 டாலர்தான் கிடைக்கும். வாங்கிய விலையோ 67.26. ஓர் ஒப்பந்தத்துக்கு 4,200 டாலருக்கு மேல் நஷ்டம். தெரிந்தே யார் கொடுப்பார்கள்?

காரணியின் குறை இங்கேதான். அது 6 சதவீத விளைச்சலில் மட்டுமே நியாயமான தராசு. விளைச்சல் அதற்குக் கீழே இறங்கினால் எல்லாப் பத்திரங்களின் விலையும் ஏறும். நீண்ட காலமும் குறைந்த வட்டியும் உள்ளவை இன்னும் அதிகமாக ஏறும். காரணிக்கு அது தெரியாது. அதனால் குறுகிய காலப் பத்திரம் மலிவாகிவிடுகிறது. விளைச்சல் ஏழரை சதவீதமானால் நிலைமை தலைகீழ்: இரண்டாவது பத்திரத்துக்கு சுமார் 80.9, முதலாவதுக்கு 85.9. ‘சி.டி.டி.’ கைமாறிவிட்டது. ஃப்யூச்சர்ஸை வைத்து நஷ்டத்துக்குக் காப்பு தேடுபவர் இந்த மாற்றத்தைக் கவனிக்காவிட்டால், அவர் போட்ட ஒப்பந்த எண்ணிக்கை பொருந்தாமல் போகும்.

வளைத்துப்போடும் ஆபத்தும் முழுசாக ஒழியவில்லை. 2005 ஜூன் மாதப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் மலிவான பத்திரம், 2012 பிப்ரவரியில் முதிரும் 4.875 சதவீதப் பத்திரம். அடுத்த மலிவான பத்திரம் விலையில் எட்டத்தில் இருந்தது. பெயருக்குப் பல பத்திரங்கள், உண்மையில் ஒன்றே ஒன்று. பிம்கோ நிறுவனம் ஃப்யூச்சர்ஸையும் வாங்கிக் குவித்து, அந்தப் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு விலையைத் திருகியது என்று விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். பிம்கோ குற்றச்சாட்டை மறுத்தது. 2011-இல் சுமார் 11.8 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இதற்கிடையே சந்தை, கடைசி நாட்களில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்களுக்கு வரம்பு கட்டியது.

இந்தியாவிலும் 2009 ஆகஸ்டில் தேசியப் பங்குச் சந்தை 7 சதவீதக் கற்பனைப் பத்திரத்தை வைத்து இதே முறையில் ஓர் ஒப்பந்தத்தைத் தொடங்கியது. வியாபாரம் சூடுபிடிக்கவில்லை. வங்கிகளின் பெட்டியில் முடங்கிக் கிடந்து அதிகம் கைமாறாத பழைய பத்திரமே ‘சி.டி.டி.’ ஆனால், அதை வாங்கியவர் யாரிடம் விற்பார்? 2014 ஜனவரியில் வேறு வடிவம் வந்தது. குறிப்பிட்ட ஒரே பத்திரத்தின் மேல் ஒப்பந்தம், கெடுவில் பத்திரம் கைமாறாது, விலை வித்தியாசம் மட்டும் ரொக்கமாகத் தீரும். அங்கே காரணிக்கும் வேலையில்லை, மலிவான பத்திரத்தைத் தேடவும் வேண்டியதில்லை.