தீபாவளிக்கு மில் எத்தனை நாள் லீவு?

மூன்று ஷிப்ட் ஓடும் நூற்பாலையில் தீபாவளிக்கு முன் மேலாளர் கையெழுத்துடன் ஒட்டப்படும் அறிவிப்பில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று, ஆலை முழுதாக நிற்கும் நாட்கள். மற்றொன்று, அதற்கு முன்னும் பின்னும் யார் யார் எந்த முறையில் ஊருக்குப் போகலாம் என்பது. எல்லோரையும் ஒரே வாரம் அனுப்பிவிட்டால் ஆலை பத்து நாள் நிற்கும். யாரையும் அனுப்பாவிட்டால் பாதிப் பேர் சொல்லாமலே போய்விடுவார்கள்.

தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். அந்த ஐந்தில் தீபாவளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். அன்றும் வேலைக்கு நிற்கும் எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளமுள்ள மாற்று நாள் தர வேண்டும்.

மூன்று நாள் மூட விரும்பும் ஆலை, மீதி இரண்டு நாட்களை வார விடுமுறையிலிருந்து எடுக்கிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கணக்கு இங்கே நுட்பமானது. ஞாயிறன்று வேலை வாங்கினால், அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்ளோ பிந்தைய மூன்று நாட்களுக்குள்ளோ மாற்று விடுமுறை தர வேண்டும் என்றது அது. தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் விடுமுறையின்றி வேலை வாங்கவும் கூடாது என்றது.

தீபாவளி புதன்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஆலை மூடல். முந்தைய ஞாயிறு வேலை செய்து, அதற்கு ஈடாகச் செவ்வாய் லீவு. அது ஞாயிறுக்குப் பின் இரண்டாம் நாள். வியாழனுக்கு ஈடாக அடுத்த ஞாயிறு வேலை. இடைவெளி சரியாக மூன்று நாள். மூடலுக்கு முன் தொடர் வேலை எட்டு நாள், பின் ஒன்பது நாள். யாருக்கும் சம்பளம் குறையாது. பின்வரும் ஞாயிறு முந்தைய வாரத்துக் கணக்கில் சேர்வதால் 48 மணி நேர வரம்பும் மீறப்படாது. இதே தீபாவளி திங்களன்று வந்தால் ஞாயிறும் திங்களும் தாமாகவே சேர்ந்துவிடும். ஆனால் செவ்வாயையும் மூட நினைத்து, 'அடுத்த ஞாயிறு வேலை' என்று போட்டால் தவறு. செவ்வாயிலிருந்து அந்த ஞாயிறு ஐந்து நாள் தள்ளி இருக்கிறது. அச்சட்டப்படி மாற்று நாள் அறிவிப்பைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருந்ததால், இந்தப் பிழை அங்கே பிடிபட வாய்ப்பிருந்தது.

அடுத்தது முறை லீவு. 240 பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில் 40 பேர் பீகார்க்காரர்கள், 40 பேர் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்தவர்கள் என்று கொள்வோம். ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் வெளியே இருந்தால் ஸ்பின்னிங்கில் சில மெஷின்களை நிறுத்த வேண்டிவரும். தென்மாவட்டத்தார்க்கு வேண்டியது தீபாவளி. பீகார்க்காரர்களுக்குப் பெரிய பண்டிகை, தீபாவளி கழிந்து ஆறேழு நாளில் வரும் சத் பூஜை. ஆகவே முதல் அணி மூடலுக்கு முன்னால் சனி, ஞாயிறு, திங்கள் லீவு எடுத்து வெள்ளியன்று திரும்புகிறது. இரண்டாம் அணி மூடல் நாட்களிலேயே ரயிலேறி, வெள்ளி முதல் அடுத்த வாரச் சனி வரை ஒன்பது நாள் லீவில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அந்த மூன்று நாளே போதும். அதற்குப் பதிலாகப் பொங்கல் முறையில் முன்னுரிமை தரும் ஆலைகள் உண்டு.

அந்த ஒன்பது நாள் ஈட்டிய விடுப்பில் கழியும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம், ஓராண்டில் 280 நாள் வந்தவருக்கு அடுத்த ஆண்டு 14 நாள் உண்டு. இதற்குக் குறைந்தது 240 நாள் வந்திருக்க வேண்டும் என்பது 1948 சட்டம். 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 ஆக்கியது.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் போடும் பட்டியல் பெரும்பாலும் பிரிவில் சறுக்கும். 40 பேர் என்ற வரம்புக்குள்தான் போயிருப்பார்கள். ஆனால் நான்கு எலக்ட்ரீஷியன்களில் மூன்று பேர் அதில் அடங்கியிருப்பார்கள், நைட் ஷிப்டுக்கு ஆளிருக்காது. பிரிவு வாரியாக எழுதினால் இது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை முதல் ஷிப்டில் இதன் அருமை புரியும். மூன்று நாள் நின்ற கூடத்தில் ஈரப்பதம் குறைந்து நூல் அறுபடும் என்பதால், ஈரப்பத ஆலையை முன்னதாக ஓட்டிவிட்டு, மின்தேவை வரம்பைத் தாண்டாதபடி மெஷின்களை ஒவ்வொன்றாகத்தான் கிளப்ப முடியும்.

அறிவிப்பு வெளிவரும் நாளை ரயில் முன்பதிவுதான் தீர்மானிக்கிறது. டிக்கெட் 60 நாளுக்கு முன் திறக்கும். திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். பட்டியல் அதற்கும் பிந்தி வந்தால், டிக்கெட் கிடைத்த தேதிக்கே ஆட்கள் போவார்கள். அதோடு, தமிழில் மட்டும் ஒட்டினால் 40 பேருக்கு அது வெறும் தாள். அவர்களுக்கு இந்தியில் ஒன்று தேவை.

திரும்பும் தேதியைப் பெயருக்கு நேரே எழுதிவைப்பதற்கும் காரணம் உண்டு. லீவு முடிந்து எட்டு நாளுக்குள் வந்து தக்க காரணம் சொல்லாதவர் வேலை மீதான உரிமையை இழப்பார் என்கிறது மத்திய மாதிரி நிலையாணை. அந்த எட்டு நாள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது.