அறுபது சதவீதம் என்றால் எதில்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள், தங்கள் செயல்திட்டத்தைப் பருவத்துக்கு மூன்று முறை ஆசிரியர் குழுவின் முன்வைத்து விளக்க வேண்டும். அங்கே அடிக்கடி காணக்கிடைக்கும் தலைப்புகளில் ஒன்று, மண்ணின் ஈரத்தை அறிந்து தானே இயங்கும் நீர்ப்பாசனம். ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓடும் என்கிறது ஸ்லைடு. விவசாயத்தின் பெருமையைப் பேசும் முன்னுரைக்கே ஐந்து ஸ்லைடுகள் போய்விடுகின்றன. அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு ஸ்லைடுகூட இருப்பதில்லை.

அது வரும் வழி எளிது. உணரியைக் காற்றில் பிடித்தால் ஆர்டுயினோ பலகை 1000 என்று காட்டுவதாகக் கொள்வோம். தண்ணீரில் அமிழ்த்தினால் 300. முன்னதைச் சுழியம், பின்னதை நூறு என்று வைத்துக்கொள்கிறார் மாணவர். வயலில் 580 வந்தால், 700 அலகு இடைவெளியில் 420 அலகு நகர்ந்திருக்கிறது. ஆகவே 60 சதவீதம். கணக்கில் பிழையில்லை. ஆனால், அது காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையே உணரி நிற்கும் இடத்தையே சொல்கிறது. மண்ணில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைச் சொல்லவில்லை.

உண்மையை அறியத் தராசு போதும். உணரி நின்ற இடத்து மண்ணில் 120 கிராம் எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்துகிறோம். எஞ்சியது 100 கிராம் என்றால், ஈரம் 20 சதவீதம். இதற்கான உலர்த்தும் அடுப்பு அதே கல்லூரியின் சிவில் துறை மண் ஆய்வகத்தில்தான் இருக்கிறது! அந்த 20 சதவீதமும் மண்ணைப் பொறுத்தே பொருள்படும். மணலில் அது தாராளமான ஈரம்; கனத்த களிமண்ணில் அதே அளவில் பயிர் வாடத் தொடங்கலாம். அப்படியிருக்க, எல்லா வயலுக்கும் 40 என்று ஒரே எல்லை வகுப்பது எப்படிப் பொருந்தும்?

குழுவின் முன் வைக்க வேண்டியது ஒரு வரைபடம். அந்த வயலின் மண்ணையே உலர்த்தி, ஆறு டப்பாக்களில் நூறு நூறு கிராமாக இட்டு, முறையே 5, 10, 15 என 30 கிராம் வரை நீர் கலந்து, ஒரே அளவு அழுத்தி நிரப்பி, ஒவ்வொன்றிலும் உணரி காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். அது பெரும்பாலும் நேர்கோடாக வராது. பிறகு, வரைபடத்துக்குப் பயன்படுத்தாத ஏழாவது டப்பாவின் ஈரத்தை உணரியைக்கொண்டு கணித்து, தராசுடன் ஒப்பிட்டால் கருவியின் பிழை தெரிந்துவிடும்.

விலை மலிந்த இரட்டைமுனை உணரிக்கு மேலும் இரு குறைகள் உண்டு. அது அளப்பது மின்தடையை. எனவே, உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்ந்தால், இருப்பதைவிட அதிக ஈரம் காட்டும், மோட்டார் ஓடாமலே பயிர் காயும். ஒரு டப்பாவில் உப்புநீர் கலந்து பார்த்தால் இது புலப்படும். இன்னொன்று அரிப்பு. இடைவிடாது மின்சாரம் பாய்ந்தால் முனைகளின் உலோகப் பூச்சு சில வாரங்களிலேயே கரைந்துவிடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் அரிப்பு குறையும். முதல் மீளாய்வில் அளந்த டப்பாவை ஈரம் போகாமல் மூடிவைத்து மூன்றாவது மீளாய்வில் மீண்டும் அளந்து, இரு எண்களையும் அருகருகே காட்டலாம்.