வெள்ளைச் சட்டையைத் தின்னும் வெள்ளைச் சுவர்

பாஸ்போர்ட் படம் எடுக்க வெள்ளைச் சட்டையில் வருபவரிடம், "வேற கலர் சட்டை இருக்காண்ணே?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்பதுண்டு. அதே ஆளை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி, பின்னணியை நீக்கும் மென்பொருளிடம் அந்தப் படத்தைக் கொடுத்தால் காரணம் புரியும். முகமும் தலைமுடியும் கச்சிதமாக வரும். தோள்பட்டையில் மட்டும் எலி கடித்தது போல ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

இத்தகைய மென்பொருள்களில் பலவும் பயன்படுத்தும் ஒரு மாதிரி யு2-நெட். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டது. இதற்குப் பயிற்சி தந்தவை 10,553 படங்கள். ஒவ்வொன்றிலும் பார்த்தவுடன் கண்ணில் படும் பொருள் எதுவோ, அதை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் பிரித்துக் காட்டியிருந்தார்கள். 'மனிதன்', 'நாற்காலி' என்ற பெயர்கள் எதுவும் அதற்குத் தெரியாது. எது கண்ணை இழுக்கும் என்று ஊகிக்க மட்டுமே அது கற்றது. ஆளுக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு பூச்சட்டி இருந்தால், அதையும் சேர்த்து வெட்டித் தருவது இதனால்தான்.

படம் உள்ளே போனதும் 320க்கு 320 புள்ளிகளாகச் சுருங்குகிறது. 3000க்கு 4000 புள்ளிகள் கொண்ட செல்போன் படமென்றால், மூலப்படத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள் ஒரே புள்ளியாகிவிடும். அந்த ஒவ்வொரு புள்ளிக்கும் மாதிரி 0 முதல் 1 வரை ஓர் எண் தருகிறது. 1 என்றால் ஆள், 0 என்றால் பின்னணி. பிறகு அந்த முகமூடியைப் பழைய அளவுக்குப் பெரிதாக்குகிறார்கள்.

விளிம்பில்தான் சிக்கல். அங்கே ஒரு புள்ளியில் ஆளின் நிறமும் சுவரின் நிறமும் கலந்திருக்கும். கலவையில் எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். முடியின் வெளிச்ச அளவு 30, சுவரின் அளவு 230 என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியில் 130 இருந்தால் பாதிக்குப் பாதி. கேமராவின் இரைச்சலால் அது இரண்டு எண் பிசகினாலும், 200 எண் இடைவெளியில் பிழை ஒரு சதவீதம்தான்.

சட்டைக்கு வருவோம். சட்டை 240, சுவர் 236. மொத்த இடைவெளியே நான்கு எண்தான். அதே இரண்டு எண் பிசகு இங்கே கணக்கைப் பாதிக்குப் பாதி புரட்டிவிடும். நிறம் கைவிட்டதும், தோள் இப்படித்தான் வளையும் என்ற பழக்கத்தை வைத்து மாதிரி கோடு போடுகிறது. அதிலும் உறுதி இல்லாதபோது 0.4, 0.6 என்று நடுவே தடுமாறும் எண்களைத் தருகிறது. 0.5க்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டும் மென்பொருள் அங்கே சட்டையைக் கடித்துவிடுகிறது. வெட்டாமல் விட்டால் தோள் கண்ணாடி போலப் பாதி தெரியும்.

வெள்ளைத் தாளின் மேல் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. வெட்டிய படத்தைக் கருஞ்சிவப்புப் பின்னணியில் வைத்தால் உடனே அகப்படும்.

எடுத்த படத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். படம் எடுக்கும்போதே ஆளைச் சுவரிலிருந்து சில அடி தள்ளி நிறுத்தி, சுவருக்கு வெளிச்சம் குறைவாகப் போகும்படி பார்த்துக்கொண்டால், நான்கு எண் இடைவெளி நாற்பதாகும். சட்டையை மாற்றச் சொல்லும் ஸ்டூடியோக்காரர் செய்வதும் அந்த இடைவெளியைக் கூட்டும் வேலையைத்தான்.