ஒரு நாள், ஒரே கேள்வி: ஸ்பைக் எப்படி நடக்கிறது?

பொருட்களை இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனம். வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் போகும் பிடிஎஃப் ரசீதைத் தமிழிலும் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். ஸ்பிரிண்ட் திட்டமிடலில் இந்த வேலைக்கு ஒருவர் 2 பாயின்ட் என்கிறார், இன்னொருவர் 13 என்கிறார். மொழிபெயர்த்த சொற்களைப் போட்டால் போதும் என்பது முதலாமவர் கணக்கு. ரசீதை உருவாக்கும் மென்பொருள் நூலகத்துக்குத் தமிழ் எழுதவே தெரியாமல் இருக்கலாம் என்பது இரண்டாமவர் சந்தேகம். எவ்வளவு பேசினாலும் இது தீராது, செய்துபார்த்தால்தான் தெரியும். அஜைல் குழுக்கள் ஸ்பைக் போடுவது இத்தகைய இடத்தில்தான். கென்ட் பெக் உள்ளிட்டோர் 1990களில் உருவாக்கிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையிலிருந்து வந்த பழக்கம் இது.

முதலில் கேள்வியை எழுத வேண்டும். 'தமிழ் பிடிஎஃப் பற்றி ஆராய்தல்' என்று எழுதினால் அந்த வேலைக்கு முடிவே இருக்காது. 'இப்போதுள்ள நூலகம் தமிழ் உயிர்மெய்களைப் பிழையின்றி அச்சிடுமா?' என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். எந்தப் பதில் வந்தாலும் குழு அடுத்து செய்யும் வேலை மாறும். அப்படி மாறாது என்றால் அந்த ஸ்பைக்கே தேவையில்லை. காலம்: ஒருவருக்கு ஒரு நாள்.

அவர் ரசீதைத் தொடவே வேண்டாம். சென்னை, கொடுமுடி, பௌர்ணமி என்ற மூன்று சொற்களை அச்சிடும் சிறு நிரல் போதும். யூனிகோடில் 'செ' என்பது முதலில் ச, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தை ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரல் செய்கிறது. அது இல்லாத நூலகத்தில் கொம்பு ச-வுக்குப் பின்னால் விழும். நம் குழுவுக்கும் அப்படித்தான் விழுந்தது. மதியத்துக்குள் பதில் கிடைத்துவிட்டது: இல்லை.

பெரும்பாலான ஸ்பைக்குகள் கெடுவது இதற்குப் பிறகுதான். மிச்சமிருக்கும் அரை நாளில் வேறு நூலகங்களைத் தேடலாம், ரசீதின் வடிவத்தையும் திருத்தலாம் என்று கை பரபரக்கும். மறுநாள் காலைக் கூட்டத்தில் "இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்ற பதில் வந்தால், கேள்வி நழுவிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். சோதனைக்கு எழுதிய நிரல் தயாரிப்பில் நுழைவது அதைவிட மோசம். பிழை கையாளலோ சோதனைகளோ இல்லாமல், பதிலுக்காக மட்டும் எழுதியது அது. பதிலை ஒரு பத்தியாக எழுதி, அச்சான பக்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டு நிரலை அழித்துவிடலாம்.

நாள் முடிந்தும் பதில் வராமல் போவதும் உண்டு. அப்போதும் நிறுத்தத்தான் வேண்டும். எதுவரை தெரிந்தது, எங்கே முட்டியது என்று சொன்னால், இன்னொரு நாள் தருவதா, ரசீதை ஆங்கிலத்திலேயே விடுவதா என்பதைப் பொருளுக்குப் பொறுப்பானவர் தீர்மானிப்பார்.

நம் குழு அடுத்த நாளுக்கு இரண்டாவது ஸ்பைக் ஒன்றை எழுதியது: தமிழைச் சரியாகக் காட்டும் குரோம் உலாவியைத் திரையின்றி ஓட்டி ரசீதை பிடிஎஃப் ஆக்கினால், இருக்கும் சர்வரின் நினைவகம் தாங்குமா? தாங்கும் என்று பதில் வந்தது. அதன்பின் தமிழ் ரசீதுக்கு எல்லோரும் 8 பாயின்ட் போட்டார்கள்.