பன்னிரண்டு பதில்களுக்குப் பிறகு ஒரு மெயில்

பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை 200 காஸ்டிங் வந்து இறங்குகின்றன. மாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு மெயில்: ‘சோதனையில் 9 காஸ்டிங்குகளில் கசிவு. லாட் ஹோல்டில் வைக்கப்படுகிறது.’ செவ்வாய் மதியத்துக்குள் அதற்குப் பன்னிரண்டு பதில்கள் வந்துவிடுகின்றன.

‘ஒன்பதுக்காக இருநூறையும் நிறுத்துவதா?’ என்று கேட்கிறது கொள்முதல் பிரிவு. ‘மொத்த லாட்டும் ரிஜெக்ட் என்றால் சனிக்கிழமை ஆர்டருக்கு யார் பொறுப்பு?’ என்கிறது உற்பத்திப் பிரிவு. ‘ஏற்கெனவே தெளிவாகக் குறிப்பிட்டபடி’ என்று தொடங்குகிறது தரப்பிரிவின் அடுத்த மெயில். நடுவில் யாரோ பொது மேலாளரை சிசியில் சேர்க்கிறார்கள். சப்ளையரின் பழைய பில்லை கணக்குப் பிரிவு நிறுத்திவைத்ததால்தான் இந்தத் தரம் என்று இன்னொருவர் எழுத, அதுவரை சும்மா இருந்த கணக்குப் பிரிவும் களத்தில் இறங்குகிறது. ஏழாவது மெயிலுக்குப் பிறகு காஸ்டிங் பற்றிப் புதிதாக ஒரு தகவல்கூட வரவில்லை. பேச்செல்லாம் யார் என்ன சொன்னார்கள் என்பது பற்றித்தான்.

எழுத்தில் தொனி தொலைந்துபோவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. கிண்டலாகச் சொல்கிறோமா, நிஜமாகச் சொல்கிறோமா என்பதை மெயிலைப் படிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் கண்டுகொண்டது 56 முறைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வரும் என்பதால், இது ஊகத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. கிறிஸ்டின் பைரன் 2008-ல் எழுதிய கட்டுரையில் இன்னொன்றைச் சுட்டினார்: அன்பாக எழுதிய மெயில் சாதாரணமாகவும், சாதாரணமாக எழுதியது கடுமையாகவும் படிக்கப்படும் வாய்ப்பு உண்டு. ‘தகவலுக்காக’ என்று போட்ட ஒரு வரி குத்தலாகப் பட்டால், பதிலும் குத்தலாகவே வரும்.

இந்த நிலையில் ‘அனைவரும் அமைதியாக இருக்கவும்’ என்று எழுதுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. அதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அது தனக்குச் சொன்னது என்றே எடுத்துக்கொள்வார்கள். வேலை செய்வது வேறு வகை மெயில். இதுவரை தெரிந்தது என்ன, யாருக்கு எது தேவை, முடிவாக வேண்டியது எது என்று மட்டும் சொல்லும் நடுநிலையான தொகுப்பு அது. சண்டையில் இல்லாத ஒருவர் எழுதினால் நல்லது. இங்கே அது உற்பத்தித் திட்டமிடலைப் பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் முதலில் செய்வது, அடியிலுள்ள முதல் மெயிலிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது. கடைசிப் பதிலை மட்டும் படித்தால் அதன் சூடுதான் மனதில் நிற்கும். படிக்கும்போது எண், தேதி, கேள்வி இவற்றை மட்டும் தனித்தாளில் குறிக்கிறார். அப்போதுதான் முடிச்சு தெரிகிறது. ‘ஹோல்ட்’ என்று தரப்பிரிவு எழுதியதை உற்பத்திப் பிரிவு ‘ரிஜெக்ட்’ என்று படித்திருக்கிறது. கொள்முதலோ 200-ல் 9 என்று கணக்குப் போட்டிருக்கிறது. ஆனால் சோதித்தது 60-ஐ மட்டுமே. அந்த 60 என்ற எண் இணைப்பாக வந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்து இரண்டு போன். தரப்பிரிவு மேலாளரிடம், ‘சார், உங்க தரப்பை இப்படி எழுதப்போறேன், சரியா இருக்கா?’ என்று வாசித்துக் காட்டுகிறார். உற்பத்தி மேலாளரிடமும் அதே கேள்வி. இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். தன் தரப்பைத் தானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன் என்று அந்தந்த ஆளுக்குத் தோன்ற வேண்டும். பிறகு எல்லோருக்கும் பதிலாக இது போகிறது:

‘காஸ்டிங் லாட் பற்றி இதுவரை தெரிந்ததை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். தவறு இருந்தால் திருத்தவும்.

திங்களன்று 200 வந்தன. 60 சோதிக்கப்பட்டன: 51 தேறின, 9-ல் கசிவு. 140 இன்னும் சோதிக்கப்படவில்லை. லாட் ஹோல்டில் உள்ளது, ரிஜெக்ட் செய்யப்படவில்லை.

சனிக்கிழமை ஆர்டருக்கு 120 தேவை. வெள்ளி காலைக்குள் அசெம்பிளிக்கு வர வேண்டும். கசிவுள்ள காஸ்டிங் எதுவும் வாடிக்கையாளரிடம் போய்விடக் கூடாது என்பது தரப்பிரிவின் நிலை. சப்ளையரிடம் மாற்று கேட்டால் 10 நாள் ஆகும் என்கிறது கொள்முதல்.

முடிவாக வேண்டியவை: தேறிய 51-ஐ இப்போதே அசெம்பிளிக்குத் தரலாமா? 140-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதிக்க எத்தனை நாள் ஆகும்? தரப்பிரிவு மேலாளர் நாளை காலை 11 மணிக்குள் பதில் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சப்ளையரின் பழைய பில் பற்றிக் கொள்முதலும் கணக்குப் பிரிவும் தனியே பேசிக்கொள்கிறார்கள்.’

இதில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். ‘துரதிர்ஷ்டவசமாக’ இல்லை, ‘இரு தரப்பிலும் நியாயம் உண்டு’ என்ற தீர்ப்பு இல்லை. முதல் வரைவில் ‘சோதனை முடியாததால் உற்பத்தி தடைபட்டுள்ளது’ என்று ஒரு வாக்கியம் இருந்திருக்கலாம். பொய்யில்லை, ஆனால் அந்த ‘ஆல்’ என்ற இரண்டெழுத்து பழியைத் தரப்பிரிவின் தலையில் வைத்துவிடும். அதை ‘140 இன்னும் சோதிக்கப்படவில்லை’ என்று மாற்றினால் தகவல் நிற்கும், பழி விலகும். ஆட்களின் பெயரோ பதவியோ இனிச் செய்ய வேண்டிய வேலையோடு மட்டும் வரலாம். நடந்துபோன தவறோடு வரக் கூடாது.

சோதித்த 60-ல் 15 சதவீதம் கசிந்தன. மீதியும் அதே விகிதத்தில் போனால் 140-ல் 119 தேறும், கையிலுள்ள 51-ஐச் சேர்த்தால் 170, ஆர்டருக்குத் தாராளம். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தொகுப்பு அவருடைய யோசனையாகிவிடும், உடனே அதை எதிர்க்க ஒருவர் கிளம்புவார். எண்களை வரிசையாக வைத்தால் போதும். கணக்கைத் தரப்பிரிவே போட்டு, தீர்வைத் தன்னுடையதாகச் சொல்லும்.

சில நடைமுறை விஷயங்கள். சப்ஜெக்ட் வரியை மாற்றினால் ஜிமெயில் அதைப் புதிய உரையாடலாகப் பிரித்துவிடும். பழைய சங்கிலியில் இருப்பவர்கள் அங்கேயே சண்டையைத் தொடர்வார்கள். அதனால் அதே சங்கிலியில் பதில் அனுப்புவதே நல்லது. சிசியில் சேர்க்கப்பட்ட பொது மேலாளரைச் சத்தமில்லாமல் எடுத்துவிடவும் கூடாது. சேர்த்தவருக்கு அது முகத்தில் அறைந்ததுபோல இருக்கும். தொகுப்பு அவர் கண்ணிலும் படட்டும்.

எல்லாச் சண்டைக்கும் இது மருந்தல்ல. ஒருவர் இன்னொருவரைக் கேவலமாகத் திட்டியிருந்தாலோ, சாதியையோ பாலினத்தையோ இழுத்திருந்தாலோ, அதை ‘கருத்து வேறுபாடு’ என்று மெழுகித் தொகுப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். அதை மனிதவளப் பிரிவிடம்தான் கொண்டுபோக வேண்டும். எழுதுபவர் ஒரு தரப்பின் நண்பர் என்று ஊருக்கே தெரிந்திருந்தால், வேறொருவரை எழுதச் சொல்வது மேல்.

பலித்ததா என்பது அடுத்து வரும் இரண்டு மூன்று பதில்களில் தெரிந்துவிடும். அவை சுருங்கியிருக்கும், ஆளைப் பற்றிப் பேசாமல் எண்ணைப் பற்றிப் பேசும். ‘ஒரு நாளைக்கு 70 சோதிக்கலாம், புதன், வியாழனில் முடிந்துவிடும்’ என்று தரப்பிரிவு எழுதினால் வேலை நடக்கிறது என்று பொருள். ‘10 நாள் அல்ல, 12 நாள்’ என்று கொள்முதல் திருத்தினால் அதுவும் நல்ல அறிகுறிதான். தொகுத்தவர் வாதாடாமல் அந்த ஓர் எண்ணை மாற்றி, ‘திருத்திய தொகுப்பு’ என்று மறுபடி எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.