முப்பத்தோராவது சொல்லில் வந்த ‘இவர்’

புத்தகத்தின் பின்னட்டையில் ஆசிரியரின் படத்துக்குக் கீழே நான்கு வரி இருக்குமே, அதை எழுதிக் கொடுப்பது எனக்கு அவ்வப்போது வரும் வேலை. வெளியீட்டு விழாவில் நன்றியுரைக்காரரோ தொகுப்பாளரோ அதே நான்கு வரியை ஒலிவாங்கியில் வாசிப்பார். அப்போதுதான் அதன் லட்சணம் வெளியே வரும். அந்த அவமானத்தை இரண்டு மூன்று முறை பட்ட பிறகு, விழா வரைக்கும் காத்திருக்காமல் எழுதிய அன்றே யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன்.

சென்ற ஆண்டு செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் ஆண்டுகளும் கொஞ்சம் மாற்றியவை. ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், எனக்கு அக்கா முறை மாதிரி. ஊர்க் கிணறுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். தன்னைப் பற்றிய குறிப்பை அவரே எழுதி அனுப்பியிருந்தார்:

“தஞ்சாவூர் மாவட்டம் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் 1961இல் பிறந்து, அரசுப் பள்ளியில் பயின்று, தமிழில் முதுகலைப் பட்டம் பெற்று, 1986இல் பொது நூலகத் துறையில் பணியில் சேர்ந்து, பல்வேறு கிளை நூலகங்களில் 33 ஆண்டுகள் பணியாற்றி, 2019இல் ஓய்வு பெற்ற இவர், ஊர்க் கிணறுகள் குறித்துத் தொடர்ந்து எழுதி வருகிறார். இவரது கட்டுரைகள் பல்வேறு இதழ்களில் வெளிவந்துள்ளன. இவரது முதல் நூல் இதுவாகும். இவர் தற்போது கும்பகோணத்தில் வசித்து வருகிறார்.”

இதில் பிழை என்று எதையும் சுட்ட முடியாது. கண்ணால் படித்தால் தடங்கல் இல்லாமல் போகிறது. தமிழில் வரும் ஆசிரியர் குறிப்புகளில் பாதிக்கு மேல் இந்த அச்சில் வார்த்தவைதான்.

அக்காவையே வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று வாசித்துவிட்டு, “நல்லாத்தானேப்பா இருக்கு?” என்றார். எழுதியவர் வாசித்தால் இப்படித்தான் ஆகும். வாக்கியம் எங்கே போகிறது என்று அவருக்கு முன்பே தெரியும். எங்கே மூச்சைச் சேமிக்க வேண்டும் என்பதும் தெரியும். அவர் வாசிப்பது தாளில் இருப்பதை அல்ல, தலையில் இருப்பதை. அதனால் தாளை அவர் வீட்டுக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தியிடம் கொடுத்தேன். முன்கூட்டியே பார்க்கக் கூடாது, எடுத்த உடனே வாசிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இன்னொரு பிரதியை நான் வைத்துக்கொண்டு கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

பென்சிலுக்கு வேலை மூன்றுதான். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு சாய்கோடு. தடுக்கிய இடத்தில் அடிக்கோடு. எழுதியிருப்பதை விட்டுவிட்டு வேறு சொல்லைச் சொன்னால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். இடையில் நிறுத்தித் திருத்தக் கூடாது; முகத்திலும் எதையும் காட்டக் கூடாது.

முதல் தடுக்கல் 1961இல். தாளில் நான்கு இலக்கம். வாயில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில்’. விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள், பதினான்கு அசைவு. அவள் ‘ஆயிரத்து’ என்று தொடங்கி, யோசித்து, ‘நைன்ட்டீன் சிக்ஸ்ட்டி ஒன்ல’ என்று தாவினாள். மேடையிலும் இதேதான் நடக்கும். ஒரே வாக்கியத்தில் மூன்று ஆண்டுகளும் ஒரு 33-உம் இருந்தால், கேட்பவர் காதில் கணக்கு வாத்தியார் குரல்தான் ஒலிக்கும். கண் இலக்கத்தை ஒரு படமாகப் பார்த்துத் தாண்டிவிடுகிறது. நாக்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

சாய்கோடுகள் ஐந்து விழுந்தன. நான்கு காற்புள்ளியை ஒட்டியே விழுந்தன. பள்ளி இலக்கணத்தில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நிறுத்த வேண்டும் என்று படித்திருப்போம். ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். அதற்குள் எட்டிப்பார்த்துவிட்டு ஓடலாம். முழு மூச்சு எடுக்க முடியாது. முதல் வாக்கியம் 37 சொல். அவ்வளவு தூரத்துக்கு அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு மாத்திரைச் சத்திரங்கள்தான். ஐந்தாவது சாய்கோடுதான் எனக்குத் தேவைப்பட்டது. காற்புள்ளியே இல்லாத இடத்தில், ‘ஊர்க் கிணறுகள்’ என்பதற்கு அப்புறம், அவளுக்கு மூச்சு முடிந்துவிட்டது. ‘குறித்துத் தொடர்ந்து எழுதி வருகிறார்’ என்பதைக் காற்று இறங்கிய டயர் மாதிரிச் சொல்லி முடித்தாள்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே அந்தக் கிணறுதான். பிறந்தது, படித்தது, சேர்ந்தது, ஓய்வுபெற்றது எல்லாம் யாருக்கும் உள்ளதுதான். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். அழுத்தம் பெறும் சொல் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் நிற்கும். வாக்கியம் அளவாக இருந்தால் இது பெரிய வசதி. ‘பிறந்து, பயின்று, பெற்று, சேர்ந்து, பணியாற்றி’ என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால், முக்கியமான சொல் வந்து சேரும்போது வாசிப்பவரிடம் மூச்சும் இருக்காது, கேட்பவரிடம் பொறுமையும் இருக்காது. இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தேன். ‘இவர்’ என்ற சொல் வந்ததே முப்பத்தோராவது இடத்தில். பிறந்தது யார், படித்தது யார் என்று தெரியாமலே கேட்பவர் முப்பது சொல்லைத் தலையில் சுமந்து நிற்கிறார்.

அடுத்த மூன்று வாக்கியங்களுக்கு எதிர்த்திசையில் கோளாறு. 37 சொல்லுக்குப் பிறகு 5, 4, 5. நீண்ட சரக்கு ரயில் போன பின்னால் மூன்று மாட்டுவண்டி. மூன்றும் ‘இவரது’, ‘இவரது’, ‘இவர்’ என்றே தொடங்குகின்றன. ‘பல்வேறு’ இரண்டு முறை, ‘பணி’ இரண்டு முறை. இவையெல்லாம் கண்ணுக்குப் படவில்லை. காது இரண்டாவது ‘இவரது’விலேயே பிடித்துவிட்டது. மாணவியின் குரலும் அங்கே தட்டையாகி, ரேஷன் கடையில் பெயர் படிப்பது போல் ஆனது.

வட்டங்கள் இரண்டு. ‘பணியாற்றி’ என்பதை ‘வேலை பார்த்து’ என்றாள். ‘இதுவாகும்’ என்பதை ‘இது’ என்று நிறுத்திக்கொண்டாள். வாசிப்பவர் தெரியாமலே செய்யும் திருத்தம், கேட்டுப் பெறும் கருத்தைவிட நம்பகமானது என்பது என் எண்ணம். கருத்துக் கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். நாக்குக்கு அந்த நாசூக்கு தெரியாது. ஆனாலும் நாக்கு சொல்வதையெல்லாம் ஏற்கவும் கூடாது. நமக்கு எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. உரக்க வாசிக்கும் எவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுப் பக்கம் சரிவார்கள். ‘நூலகத்துல’ என்பார்கள், ‘எழுதிட்டு வர்றாரு’ என்பார்கள். அதை அட்டையில் போட முடியாது. சரிவு எல்லா வரியிலும் சமமாக இருந்தால் அது பழக்கம், விட்டுவிடலாம். ஒரே ஒரு சொல்லில் மட்டும் வேறு சொல் வந்து உட்கார்ந்தால், அந்த இடத்தில் எழுதியது விறைப்பாக இருக்கிறது என்று பொருள். ‘இதுவாகும்’ அந்த வகை. ‘பணியாற்றி’யை நான் பழக்கத்தின் கணக்கில்தான் முதலில் வைத்தேன்.

அக்கா உடனே திருத்தத் தொடங்கினார். நீளம்தானே குற்றம் என்று எல்லாவற்றையும் வெட்டினார். ‘1961இல் பிறந்தார். தமிழில் முதுகலை படித்தார். நூலகத்துறையில் சேர்ந்தார். 33 ஆண்டுகள் பணியாற்றினார். ஓய்வு பெற்றார். கிணறுகளைப் பற்றி எழுதுகிறார்.’ மூச்சுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஆர், ஆர், ஆர் என்று ஆறு முறை மத்தளம் விழுந்தது. வினை கடைசியில் வரும் மொழியில் சிறுசிறு வாக்கியமாக நறுக்கினால் எல்லாம் ஒரே ஓசையில் முடியும். ஒரு வாக்கியத்துக்கு இத்தனை சொல்தான் என்ற விதியை வேறு மொழியிலிருந்து எடுத்துத் தமிழில் வைப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிவதில்லை. நான் பார்க்கும் அளவு ஒன்றுதான்: பன்னிரண்டு பதின்மூன்று சொல் வரை என் மூச்சு தாங்குகிறது. அதற்குள் ஒன்றிரண்டு எச்சம் வந்தால் அழகு. நான்கு வந்தால் சுமை. சில வாக்கியங்களை வினை இல்லாமல் பெயரிலேயே முடித்தால் அந்த மத்தளம் ஓயும்.

மூன்றாம் வரைவின்போது, “கிணத்துல எப்படிக்கா ஆசை வந்தது?” என்று கேட்டேன். மாற்றலாகிப் போன ஊர்களில் எல்லாம் நூலகத்தைத் திறக்கும் முன் கிணற்றடியில் போய் நிற்பாராம். பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவைப்பாராம். இது எந்த வரைவிலும் இல்லை. மூச்சு முடிந்த அந்த ஐந்தாவது சாய்கோடு மட்டும் இல்லாவிட்டால் நானும் கேட்டிருக்க மாட்டேன். கடைசியில் இப்படி நின்றது:

“இவருடைய சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கிளை நூலகங்களில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நூலகராக இருந்தார். மாற்றலாகிப் போன ஊர்களில் எல்லாம் பழைய கிணறுகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் கதையை வயதானவர்களிடம் கேட்டுக் குறித்துவைத்தார். ஓய்வு பெற்றபின் அந்தக் குறிப்பேடுகளைப் பிரித்து எழுதிய முதல் நூல் இது. இப்போது கும்பகோணத்தில் வசிக்கிறார்.”

7, 7, 13, 9, 3. நீளமான வாக்கியம் நடுவில், கிணற்றுக்காக. இரண்டு ‘ஆர்’ அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுக்கு இடையில் நீண்ட வாக்கியம் கிடப்பதால் காதில் மோதவில்லை. ‘பணியாற்றி’ என்ற சொல்லே தேவைப்படாமல் போனது. 33 என்பதை எழுத்தால் எழுதியது வாசிப்பவர் தயங்காமல் இருக்க. பழைய குறிப்பை நிதானமாக வாசிக்கச் சுமார் 40 நொடி ஆனது. இதற்கு 25 நொடி.

பிறந்த ஆண்டும் பட்டமும் போய்விட்டனவே என்று அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம். அது நியாயமான வருத்தம். விருதுக்கோ உதவித்தொகைக்கோ அனுப்பும் குறிப்பை யாரும் உரக்க வாசிப்பதில்லை. அங்கே பார்ப்பவர் ஆண்டையும் பட்டத்தையும் கண்ணால் தேடுகிறார். அதற்குக் காதின் பேச்சைக் கேட்டு இலக்கத்தை ஒளித்துவைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அதனால் பழைய குறிப்பைக் கிழிக்க வேண்டாம், விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நல்ல குரல் உள்ளவர் வாசித்தால் குப்பையும் சங்கீதமாகக் கேட்கும். வானொலியில் இருந்த நண்பர் ஒருவரிடம் ஒரு குறிப்பைக் கொடுத்து நான் ஏமாந்திருக்கிறேன். எந்தக் கரடுமுரடையும் அவர் இழைத்து வழவழப்பாக்கிவிடுவார். வாசிக்கச் சாதாரண ஆள்தான் வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் அலைபேசியில் நீங்களே பதிவு செய்து, எழுதியது மறந்த பிறகு, ஒரு நாள் கழித்துக் கேட்கலாம்.

விழா ஒரு பள்ளி மண்டபத்தில். தொகுப்பாளர் குறிப்பை முன்கூட்டிப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. எங்கும் தடுக்காமல் வந்தார். ‘முதல் நூல் இது’ என்று சொல்லிவிட்டுத் தாளிலிருந்து தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். கைதட்டல் வந்தது. கடைசி வாக்கியத்தை அவர் வாசிக்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எங்கே வசிக்கிறார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும்.

“அப்போ அந்த வரியை எடுத்துடலாமா?” என்று இறங்கி வரும்போதே அக்கா கேட்டார். மேடைக்கான தாளில் எடுத்துவிடலாம், அட்டையில் இருக்கட்டும் என்றேன். அட்டையைப் படிப்பவர் அவரை எதிரில் பார்ப்பதில்லையே.